சாரமும் உயரத்து வேலையும்: திங்கள் காலை டூல்பாக்ஸ் பேச்சு

பேசப்போகும் சூப்பர்வைசருக்கு: இது சிங்கப்பூர் தெங்கா சைட்டில் டவர் பி கிழக்குப் பக்கம் பூச்சு, பெயின்ட் வேலை பார்க்கும் 22 பேருக்கான பேச்சு. கூடும் நேரம் காலை 7.45. ஆங்கிலத் தாளைச் சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை. அதில் ‘டை ஆஃப்’ என்று இருப்பதைக் ‘கட்டிக்கொள்’ என்று சொன்னால் சிலர் லேன்யார்டைக் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லா இடத்திலும் ‘கொக்கி போடு’ என்று வைத்திருக்கிறேன். ‘சாரக்கட்டு’ வேண்டாம், நம் ஆட்கள் சாரம் என்றுதான் சொல்கிறார்கள். ‘வேண்டும்’ என்று எழுதியிருப்பதை உங்கள் வாய்க்கு வரும்படி ‘ணும்’ ஆக்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு ஹார்னஸ் இருக்கட்டும். தாளைப் பார்த்து வாசிக்க வேண்டாம்.

*

வணக்கம் அண்ணே, வணக்கம் தம்பிகளா. எல்லாரும் சாப்பிட்டாச்சா? சரி, பின்னால் நிற்கிறவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள், பத்து நிமிஷம்தான்.

சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை, காற்றும் இருந்தது. அதனால் இன்றைக்கு சாரத்தில் யாரும் உடனே ஏறக்கூடாது. சாரத்தை 7 நாளுக்கு ஒருமுறை ஸ்காஃபோல்டு சூப்பர்வைசர் பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். இப்படி மழை காற்று அடித்தால் 7 நாள் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது, திரும்பப் பார்த்தாக வேண்டும். அவர் இப்போது கீழ் மட்டத்தில் அடித்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மண் இளகித் தட்டு ஒரு பக்கம் இறங்கியிருந்தால் கீழே விரல்கடை அளவுதான் தெரியும், ஆனால் மேலே போகப் போக சாரம் சாய்ந்து நிற்கும். அவர் பார்த்து முடித்துப் பச்சை டேக் மாட்டிய பிறகுதான் ஏற வேண்டும். சிவப்பு டேக் தொங்கினாலோ, டேக்கே இல்லாவிட்டாலோ ஏறாதீர்கள். ‘போன வாரம் பச்சைதானே இருந்தது’ என்று யாரும் சொல்லக் கூடாது.

அப்புறம், வெள்ளிக்கிழமை நடந்த விஷயம். யார் என்று கேட்கப் போவதில்லை. இரண்டாம் மட்டத்தில் ஜன்னல் ஃப்ரேமை உள்ளே கொண்டுபோக ஒரு குறுக்குக் கம்பியைக் கழற்றியிருக்கிறார்கள். ஃப்ரேம் உள்ளே போய்விட்டது. கம்பி சாயங்காலம் வரைக்கும் பலகை மேலேயே கிடந்தது. அந்தப் பக்கம் நாலு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் இன்றைக்கு இதைச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சாரத்தை நிமிர்த்தி நிறுத்துவதே அந்தக் கம்பிதான். சாமான் உள்ளே போகாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், சாரம் கட்டுகிறவர்களைக் கூப்பிட்டு வழி பண்ணலாம். கம்பி, கிளாம்ப், பலகை, சுவரோடு கட்டியிருக்கும் டை, இதில் எதையும் நாம் கழற்றக் கூடாது. அரை மணி நேரம் வேலை தாமதமானால் என்னைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது ஹார்னஸ். (தூக்கிக் காட்டவும். லேன்யார்டை நீட்டிப் பிடிக்க ஒருவரைக் கூப்பிடவும்.)

இந்தக் கயிறு 2 மீட்டர். இதில் தைத்திருக்கும் குட்டிப் பையைப் பார்த்தீர்களா? இதுதான் ஷாக் அப்சார்பர். விழுந்தால் பை கிழிந்து உள்ளே மடித்திருக்கும் பட்டை நீளும், உடம்பில் விழும் இழுப்பு குறையும். அது 1.75 மீட்டர் வரைக்கும் நீளலாம். சரி, கூட்டுங்கள். கயிறு 2, பட்டை 1.75, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரைக்கும் சுமார் 1.5, கீழே தரைக்கு மிச்சம் 1 மீட்டராவது வேண்டும். மொத்தம் எவ்வளவு? (யாராவது சொல்லும்வரை காத்திருக்கவும்.)

6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெறும் இடம் இருக்க வேண்டும். நம் சாரத்தில் ஒரு மட்டம் 1.7 மீட்டர். மூன்றாம் மட்டத்துப் பலகை 5.1 மீட்டரில் இருக்கிறது. அங்கே நின்று கால் கிட்ட இருக்கும் பைப்பில் கொக்கி போட்டால் என்ன ஆகும்? பட்டை முழுசாக நீண்டு உங்களைப் பிடித்து நிறுத்தும் முன்னால் தரை வந்துவிடும். ஹார்னஸ் போட்டிருப்பீர்கள், கொக்கியும் மாட்டியிருப்பீர்கள், ஆனாலும் அடிபடுவீர்கள். அதனால் கொக்கியை எப்போதும் தலைக்கு மேலே போடுங்கள். மேலே போட்டால் விழும் தூரமே குறைந்துவிடும், பட்டை முழுசாகக் கிழியவும் வேண்டியிருக்காது. எதில் போடுவது? நான் காட்டும் லைஃப்லைனில் மட்டும். குறுக்குக் கம்பியில் வேண்டாம், கைப்பிடி ரெயிலில் வேண்டாம், பிளம்பிங் பைப்பில் வேண்டவே வேண்டாம்.

லேன்யார்டில் இரண்டு கொக்கி எதற்கு? நகரும்போது ஒன்றை முன்னால் மாட்டிய பிறகுதான் இன்னொன்றைக் கழற்ற வேண்டும். இரண்டும் கையில் இருக்கும் நேரம் ஒரு நொடிகூட வரக் கூடாது. (செய்து காட்டவும். பிறகு புதிதாக வந்த இருவரைச் செய்யச் சொல்லவும்.)

போடுவதற்கு முன்னால் பட்டையை விரலுக்கிடையே விட்டு இழுத்துப் பாருங்கள். வெட்டு, நூல் பிரிந்த இடம், சிமெண்ட் இறுகிய இடம், வெல்டிங் பொறி பட்ட ஓட்டை இருந்தால் என்னிடம் கொடுங்கள், வேறு தருகிறேன். ஒருமுறை விழுந்து பை கிழிந்த லேன்யார்டு திரும்ப ஏறக் கூடாது.

ஒருவர் விழுந்து தொங்கினால் ‘பிடித்துக்கொண்டதே’ என்று நிம்மதியாக நிற்காதீர்கள். தொடைப் பட்டை இறுக்கி ரத்தம் காலிலேயே தேங்கும், கொஞ்ச நேரத்தில் மயக்கம் வரும். தொங்குகிறவர் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மிதிக்க ஏதாவது கிடைத்தால் மிதிக்க வேண்டும். பார்த்தவர் கத்துங்கள், எனக்கு வாக்கி-டாக்கியில் சொல்லுங்கள். மீட்கும் ஆட்கள் நாலு பேர் ஏற்கெனவே பேர் கொடுத்திருக்கிறார்கள், கையைத் தூக்குங்கள் தம்பி, எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும். 995-க்கு நான் அடிப்பேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் நீங்களே அடியுங்கள், பிளாக் நம்பரைச் சொல்லுங்கள், கேட்டில் ஒருவர் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுங்கள்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏற ஏணி இருக்கிறது, கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறாதீர்கள். ஏறும்போது கையில் ஒன்றும் இருக்கக் கூடாது, கரண்டியும் வாளியும் கயிற்றில் வரட்டும். பலகையில் சாந்து மூட்டையை அடுக்கி வைக்காதீர்கள். மேல் ரெயில் குறைந்தது 1 மீட்டர் உயரம், ரெயில்களுக்கு நடுவே 600 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் சொல்லுங்கள். மின்னல் அலர்ட் அடித்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டு இறங்குங்கள், ‘இந்த ஒரு பேட்ச் மட்டும்’ என்று நிற்காதீர்கள்.

3 மீட்டருக்கு மேலே விழ வாய்ப்புள்ள வேலைக்குப் பர்மிட் வேண்டும். இன்றைய பர்மிட் டவர் பி கிழக்குப் பக்கத்துக்கு மட்டும். மேற்குப் பக்கம் ஆள் குறைவு என்று யார் கூப்பிட்டாலும், எந்த ஃபோர்மேன் கூப்பிட்டாலும், என்னைக் கேட்காமல் போகாதீர்கள்.

ராத்திரி தூக்கம் இல்லை, காய்ச்சல் மாத்திரை போட்டிருக்கிறேன், தலை சுற்றுகிறது என்று இருந்தால் இப்போதே சொல்லுங்கள். தரையில் வேலை கொடுக்கிறேன், சம்பளம் குறையாது. எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் கையெழுத்துப் போடும்போது காதில் சொல்லுங்கள்.

கேள்வி இருக்கிறதா? சரி, நான் ஒன்று கேட்கிறேன். அண்ணே, நீங்கள் சொல்லுங்கள்: நாலாம் மட்டத்தில் நிற்கிறீர்கள், லைஃப்லைன் கை எட்டவில்லை. என்ன செய்வீர்கள்? (இறங்கி வந்து சொல்வேன் என்று பதில் வரும்வரை விடவேண்டாம்.)

இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து நில்லுங்கள். எதிரில் நிற்பவரின் ஹார்னஸ் முதுகு வளையம் தோள்பட்டைக்கு நடுவில் இருக்கிறதா, தொடைப் பட்டைக்குள் ஒரு கை மட்டும் போகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள். டேக் மாறும் வரைக்கும் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் இருங்கள், நான் வந்து கூப்பிடுகிறேன்.