உங்கள் தையல் இயந்திரம் தாமதமானது பற்றி: 9ஆம் திகதி அனுப்பிய செய்திக்குப் பதில்

திருகோணமலை
2025 மார்ச் 10, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய அம்மணி அவர்களுக்கு,

பெப்ரவரி 27ஆம் திகதி 40,000 ரூபா முற்பணம் செலுத்தி நீங்கள் கேட்டிருந்த, சேர்வோ மோட்டார் பொருத்திய 98,000 ரூபா பெறுமதியான அதிவேகத் தையல் இயந்திரம், நாங்கள் வாக்களித்தபடி மார்ச் 7ஆம் திகதி கிண்ணியாவிலுள்ள உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இயந்திரம் இப்போதும் கொழும்பிலுள்ள எமது களஞ்சியத்திலேயே இருக்கிறது. 5ஆம் திகதி பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, இயந்திரத் தலைப்பகுதியின் பிணைச்சல்கள் அமரும் இடத்தில் மேசைப்பலகை வெடித்திருந்தது. அந்தப் பலகையில் பூட்டினால் வேகமாகத் தைக்கும்போது தலைப்பகுதி ஆடும், தையலும் நேராக விழாது. ஆகவே அதை அனுப்பாமல் நிறுத்தி வைத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் 5ஆம் திகதியே எங்களுக்குத் தெரிந்த இந்த விடயத்தை உங்களுக்கு அறிவிக்காமல் விட்டோம். 8ஆம் திகதி நீங்கள் தொலைபேசியில் கேட்டபோதும், களஞ்சியத்தில் விசாரிக்காமலேயே "நாளைக்கு வந்துவிடும்" என்று எமது கடையிலிருந்து பதில் சொல்லப்பட்டது. அந்தப் பேச்சை நம்பி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நீங்கள் வீட்டில் காத்திருந்ததற்கும், பெருநாள் தையலுக்கான நாட்கள் வீணானதற்கும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நீங்கள் தெரிவுசெய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, கேட்ட இயந்திரத்துக்கே காத்திருப்பது. மாற்றுப் பலகை 12ஆம் திகதி புதன்கிழமை களஞ்சியத்துக்கு வருகிறது. மறுநாள் வியாழன் போயா விடுமுறை என்பதால், 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலையில் புறப்படும் லொறியிலேயே இயந்திரத்தை ஏற்ற முடியும். ஹபரணை, கந்தளாய் வழியாக அன்றிரவு அது திருகோணமலைக்கு வந்துவிடும். 15ஆம் திகதி சனிக்கிழமை நண்பகலுக்கு முன் எமது ஊழியர் உங்கள் வீட்டில் இயந்திரத்தைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, துணியில் தைத்துக் காட்டிய பின்னரே திரும்புவார். விநியோகக் கட்டணம் 1,500 ரூபாவை மீதித் தொகையில் கழித்துக்கொள்கிறோம். அதுவரை, கடையில் செய்முறை காட்ட வைத்திருக்கும் வீட்டுத் தையல் இயந்திரத்தை நாளையே வாடகையின்றிக் கொண்டுவந்து தருவோம். அது மெல்லிய துணிகளுக்குப் போதும். தடித்த துணிக்குப் பாவிக்க வேண்டாம்.

இரண்டாவது, எமது கடையில் இருப்பிலுள்ள வேறொரு அதிவேக இயந்திரத்தை எடுத்துக்கொள்வது. அதன் விலை 86,000 ரூபா, நாளை செவ்வாய்க்கிழமை மாலைக்குள் வீட்டில் பூட்டித் தரலாம். ஆனால் அதிலுள்ளது கிளட்ச் மோட்டார். ஆளியைப் போட்டதிலிருந்து, நீங்கள் தைக்காத நேரத்திலும் அது சுழன்றுகொண்டே இருக்கும். ஆகையால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், சத்தமும் அதிகம். வீட்டு முன்னறையில் வைத்து, பிள்ளைகள் உறங்கிய பின் தைப்பதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். விரைவாக விற்றுவிடலாம் என்பதற்காக இதை உங்களிடம் மறைக்க மனமில்லை. சேர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடுவதால் உங்களுக்கு முதலாவது தெரிவே பொருந்தும் என்பது என் கருத்து. ஆயினும் இந்த வாரமே முடித்துக் கொடுக்க வேண்டிய ஆடைகள் நிறைய இருந்தால், இரண்டாவதைத் தெரிவுசெய்வதிலும் நியாயம் உண்டு.

மூன்றாவது, கோரிக்கையை இரத்துச் செய்து பணத்தைப் பெற்றுக்கொள்வது. 40,000 ரூபாவும் கழிவு எதுவுமின்றி, நீங்கள் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு 12ஆம் திகதி பிற்பகல் 3 மணிக்குள் வைப்பிலிடப்பட்டு, பற்றுச்சீட்டின் படம் உங்களுக்கு அனுப்பப்படும். காரணம் எதுவும் கேட்கமாட்டோம்.

நீங்கள் செய்தி அனுப்பிய இதே வாட்ஸ்அப் இலக்கத்துக்கு "காத்திருக்கிறேன்", "கடையில் உள்ளது", "பணம்" ஆகியவற்றில் ஒன்றை மட்டும் எழுதினால் போதும். இரண்டாவதை விரும்பினால் நாளை காலை 10 மணிக்கு முன் அறியத் தாருங்கள், ஏனெனில் அந்த இயந்திரம் ஒன்றுதான் உள்ளது. அதுவரை அதை வேறு எவருக்கும் விற்கமாட்டோம். பதில் வராவிட்டால் முதலாவதின்படி நடப்போம், எனினும் இயந்திரம் உங்கள் வீட்டை வந்தடையும் வரை எந்நேரமும் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

12ஆம் திகதி மாலை 5 மணிக்கு, பலகை வந்தாலும் வராவிட்டாலும், நானே உங்களை அழைத்து நிலைமையைச் சொல்வேன்.

இப்படிக்கு,
விநியோகப் பொறுப்பாளர்