டிஸ்லெக்சியா உள்ள என் மகனுக்குத் தேர்வுச் சலுகைகள் கோரி, தலைமையாசிரியருக்குக் கடிதம்

அனுப்புநர்:
செ. கலைச்செல்வி,
வடக்கு வீதி, கும்பகோணம்.

பெறுநர்:
தலைமையாசிரியர் அவர்கள்,
அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி,
கும்பகோணம்.

நாள்: 18.08.2025

பொருள்: 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகன் செ. அகிலனுக்குக் காலாண்டுத் தேர்விலிருந்தே கூடுதல் நேரம், வினா வாசித்துக் காட்டுதல், சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அகிலன் ஆறாம் வகுப்பிலிருந்து தங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். அவனுக்கு டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு இருப்பது எட்டு வயதில் மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்கான மருத்துவச் சான்றை மறுபடி பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கோடை விடுமுறையில் மாவட்ட மருத்துவக் குழுவிடம் அழைத்துப்போய்ப் புதிய சான்று வாங்கிவிட்டோம். அதையும் உளவியலாளரின் அறிக்கையையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அறிக்கையில் சொல்லியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறிவுத்திறன் அவன் வயதுக்கு உரிய அளவில் இருக்கிறது. காதால் கேட்டுப் புரிந்துகொள்வது 9-ஆம் வகுப்பு அளவிலேயே இருக்கிறது. ஆனால் தானாகப் படிப்பது மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளையின் வேகத்தில்தான். எழுதுவது அதைவிட மெதுவு. கண் பார்வையில் குறை இல்லை, காதிலும் இல்லை.

அவன் அறிவியல் நோட்டில் 'இயக்கம்' பாடத்தைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடப்பெயர்ச்சி என்ற சொல்லை ஒரே பக்கத்தில் 'இடபெயற்சி', 'இடப்பேயர்சி', 'இடபயர்ச்சி' என்று மூன்று விதமாக எழுதியிருக்கிறான். நெடிலுக்குப் போட வேண்டிய இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகிறது, ஒற்றை இரட்டையாகிறது. புள்ளி பாதி இடத்தில் இருக்காது. ர, ற இரண்டும், ல, ள, ழ மூன்றும் அவனுக்கு எழுதும்போது ஒன்றோடொன்று குழம்பிவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒரு வரி விட்டுப்போவதும் உண்டு. அன்று சாயங்காலம் அந்தப் பாடத்தையே வாயால் கேட்டேன். "தஞ்சாவூர் போய்ட்டுத் திரும்பி இங்கேயே வந்து நின்ன பஸ்ஸுக்கு, போன தூரம் எண்பது கிலோமீட்டர் இருக்கும்மா, ஆனா இடப்பெயர்ச்சி சுழி" என்றான். புத்தகத்தில் இல்லாத உதாரணம், அவனே யோசித்தது. அந்தப் பாடத்துக்கான வகுப்புத் தேர்வில் அவன் வாங்கியது 50-க்கு 11.

அந்த விடைத்தாளை வைத்துக்கொண்டு அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். எழுதிய விடைகள் பெரும்பாலும் சரி. பிரச்சினை என்னவென்றால், பாதித் தாளுக்கு மேல் அவன் போகவே இல்லை. வினாத்தாளை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பதற்குள்ளேயே நேரம் ஓடிவிடுகிறது. கணக்கில் வேறு மாதிரி. வினாவில் இருந்த 108-ஐ 180 என்று எடுத்து எழுதிவிட்டு, அதன் பிறகு எல்லாப் படிகளையும் சரியாகவே செய்திருக்கிறான். முழுக் கணக்குக்கும் சுழியம் விழுந்திருக்கிறது. என் கணவரின் பாத்திரக் கடையில் இதே பையன், பித்தளைக் குடத்தை எடை போட்டவுடன் கிலோ விலையோடு பெருக்கி வாயாலேயே தொகையைச் சொல்லிவிடுவான். பில் போடுபவர் கால்குலேட்டரைத் தட்டி முடிக்கும் முன் சொல்லுவான்.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை, ஐயா. அவனைப் பற்றி வகுப்பில் "சோம்பேறி", "கவனமே இல்லை" என்று சொல்லப்பட்டது எங்கள் காதுக்கும் வந்தது. சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நோட்டை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதனால்தான் அறிக்கையை முழுதாகவே இணைத்திருக்கிறேன். வகுப்பாசிரியரும் பாட ஆசிரியர்களும் அதைப் படித்தால் நன்றாக இருக்கும்.

இனி நான் கேட்பவை.

முதலாவதும் முக்கியமானதும் நேரம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டுகிறேன். குறைந்த நேரத் தேர்வாக இருந்தால் மணிக்கு 20 நிமிடம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் கூடுதல் நேரமும் ஒரு மணிதான். மற்றவர்கள் எழுதி முடித்துப் போன பிறகும் அவன் உட்கார வேண்டியிருக்கும். அதற்கு ஒரு கண்காணிப்பாளரைக் கூடுதலாக அமர்த்துவது பள்ளிக்குச் சிரமம் என்பது புரிகிறது. மற்றவர்களைவிட முன்னதாகவே அவனைத் தொடங்கச் சொன்னாலும் சரி, எது வசதியோ அப்படிச் செய்யலாம். முன்னதாகத் தொடங்குவதென்றால், மற்றவர்கள் உள்ளே வரும்வரை அவனை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டால் வினாத்தாள் பற்றிய கவலையும் இருக்காது.

அடுத்தது, வினாக்களை வாசித்துக் காட்டுவது. இது எல்லாப் பாடத்துக்கும் வேண்டும், கணக்குக்கு இன்னும் அவசியம். எண்களைச் சத்தமாகப் படித்துக் காட்டினால் 108, 180 ஆகாது. விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, இருப்பதை இருக்கிறபடி இரண்டு முறை வாசித்தால் போதும். மொழிப்பாடத்தில் பத்தி வாசித்து விடை எழுதும் பகுதிக்கு இது பொருந்துமா என்பதைத் தமிழ் ஐயாவும் ஆங்கில ஆசிரியையும் முடிவு செய்யட்டும். அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

சொல்வதை எழுதுபவரை எல்லாப் பாடத்துக்கும் நான் கேட்கவில்லை. அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் மட்டும் போதும். கணக்கைத் தன் கையாலேயே போட வேண்டும் என்று அவனுக்கே பிடிவாதம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, படிகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனால்தான் அவனுக்குக் கணக்கு வரும். தமிழையும் இப்போதைக்கு அவனே எழுதட்டும். எழுதுபவராக அவனைவிடக் கீழ் வகுப்பு மாணவர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம், அல்லது அந்தப் பாடம் நடத்தாத ஆசிரியர் இருந்தாலும் நல்லது. வகுப்புத் தோழன் வேண்டாம்.

இதைக் காலாண்டிலேயே தொடங்கக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லி எழுதவைப்பது ஒரு பழக்கம். விடையை மனதில் வரிசைப்படுத்தி, வாக்கியம் வாக்கியமாக நிறுத்திச் சொல்லி, எழுதியதைத் திரும்பக் கேட்டுத் திருத்த வேண்டும். படத்தில் எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்பதையும் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டில் அவன் அக்காவை எழுதச் சொல்லிப் பார்த்தோம். முதலில் படபடவென்று சொல்லிவிட்டு, பாதியில் எங்கே நிறுத்தினோம் என்று விழித்தான். இப்போது பரவாயில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சுக்குப் பிறகு அவன் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு அறையில் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் முதல்முறையாக இதைச் செய்ய நேர்ந்தால் சலுகை கிடைத்தும் பயன் இருக்காது.

எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ், ஆங்கிலத்தில் குறைத்தால் நியாயம்தான். அறிவியலிலும் சமூக அறிவியலிலும், அவன் சொல்லவந்தது புரிகிறது என்றால் பிழைக்காகக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வினாத்தாளை ஜெராக்ஸில் கொஞ்சம் பெரிதாக்கித் தந்தாலும் உதவியாக இருக்கும். அதற்கான செலவை நாங்களே தந்துவிடுகிறோம்.

மொழிப்பாட விலக்கு கேட்கிறீர்களா என்று வகுப்பாசிரியர் விசாரித்தார். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு ஒரு மொழித்தாளிலிருந்து விலக்குப் பெற வழி இருப்பது தெரியும். ஆனால் இப்போது வேண்டாம். ஆங்கிலத்தை அடியோடு விட்டுவிட்டால் பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக் போனாலும், வேலைக்குப் போனாலும் அவன் திணறுவான் என்று என் கணவர் நினைக்கிறார். எனக்கு அந்த அளவு உறுதி இல்லை. அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தங்களோடு பேசி முடிவு செய்கிறோம்.

சட்டத்தைக் காட்டித் தங்களை வற்புறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் அலுவலகத்தில் யாராவது எந்த விதியின்படி என்று கேட்டால் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று குறிப்பிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணையில் டிஸ்லெக்சியாவும் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாக இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு போன்ற மாற்றங்களைச் செய்யச் சொல்கிறது. 16-ஆம் பிரிவு, இத்தகைய குறைபாட்டைப் பிள்ளைகளிடம் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது.

பொதுத்தேர்வுக்கான சலுகை விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாமல் இருக்க, என்னென்ன படிவம், எந்த மாதத்தில் என்பதை அலுவலக எழுத்தர் இப்போதே சொல்லிவிட்டால் ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொள்வோம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளைத் தெரிவித்தால் நானும் வந்து அவரைப் பார்க்கிறேன்.

அகிலனைப் பற்றி ஒரு வேண்டுகோள். தனி அறையில் உட்கார வைப்பதாக இருந்தால் அதற்கான காரணத்தை வகுப்பில் எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டாம். நண்பர்களிடம் அவனே சொல்லிக்கொள்வான், சிலரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டான். நூலகத்தின் பின்பக்கம் காலியாக இருக்கும் மேசை போதும் என்கிறான். தலைமையாசிரியர் அறையில் மட்டும் வேண்டாமாம், அங்கே உட்கார்ந்தால் வருகிறவர் போகிறவர் எல்லாம் "என்னடா தப்புப் பண்ணினே?" என்று கேட்பார்களாம்.

காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வருவதால், ஆகஸ்ட் மாதத்துக்குள் தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்ய இயலாவிட்டால், கூடுதல் நேரத்தையும் வினா வாசிப்பதையும் காலாண்டிலேயே தொடங்கி, எழுதுபவரை அரையாண்டுக்கு ஏற்பாடு செய்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். தாங்கள் வரச்சொல்லும் நாளில் நானும் என் கணவரும் பள்ளிக்கு வருகிறோம். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை, அன்று எந்த நேரமானாலும் சரி.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. கலைச்செல்வி
(செ. அகிலனின் தாயார், 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு)

இணைப்பு: மருத்துவக் குழுச் சான்று, உளவியலாளர் அறிக்கை, மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள், அறிவியல், கணக்கு வகுப்புத் தேர்வு விடைத்தாள்களின் நகல்கள்.

நகல்: 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு வகுப்பாசிரியர்.