குடிநீரில் கழிவுநீர் கலப்பு: தங்கள் மனுவுக்கான பதில்

பொருள்: மேலத்தெரு குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலப்பது – தொடர்பாக.

அம்மையீர்,

வணக்கம். தாங்கள் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த கலங்கிய தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பினோம். கழிவுநீர் கலப்பது உறுதியாகியுள்ளது. முதல் இரண்டு குடம் மட்டும் நாறுகிறது என்று தாங்கள் எழுதியிருந்தது பெரிதும் உதவியது. விநியோகம் நிற்கும் நேரத்தில்தான் கழிவு உள்ளே இழுபடுகிறது என்பது அதிலிருந்தே தெரிந்தது.

சாக்கடைக்கு அடியில் செல்லும் பழைய இரும்புக் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கிறது. அந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தது. அத்துறையின் அனுமதியின்றி வெட்ட இயலாது. தாமதத்துக்கு இதுவே காரணம். தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். அனுமதி நேற்று கிடைத்துவிட்டது.

வரும் திங்கட்கிழமை பணி தொடங்கி, புதன் மாலைக்குள் அப்பகுதிக் குழாய் முழுவதும் மாற்றப்படும். அதுவரை தினமும் காலை 7 மணிக்கு லாரியில் தண்ணீர் வழங்கப்படும். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்க வேண்டாம். குழாயைக் கழுவிவிட்டு, தெருவின் கடைசி வீட்டிலும் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்த பின்னரே விநியோகம் தொடங்கும். லாரி வராத நாளில் குடிநீர்ப் பிரிவு உதவிப் பொறியாளரிடம் உடனே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நகராட்சிப் பொறியாளர்