பெட்டியைப் பிரிக்கலாமா? 2 லிட்டர் டேபிள்டாப் வெட் கிரைண்டர்

(சமையல் மேடை. பிரிக்காத அட்டைப்பெட்டி. கையில் கத்தரிக்கோல்.)

வணக்கம் மக்களே! வந்துருச்சு! கோயம்புத்தூர்ல இருந்து நேரா நம்ம மேடைக்கு. வாசல்ல இருந்து தூக்கிட்டு வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிருச்சு. பெட்டியோட எடை போட்டேன், 13 கிலோ. மாடி வீட்டுல தனியா இருக்கறவங்க, டெலிவரி பண்றவர்கிட்ட உள்ள வச்சுட்டுப் போகச் சொல்லிடுங்க.

(டேப்பை வெட்டும் சத்தம். தெர்மாகோல் மேலே வருகிறது.)

முதல்ல மூடி. அடுத்து... இதுக்குத்தான் ஒரு வாரமா காத்திருந்தேன். உருளைக்கல்லு! கிட்ட வந்து பாருங்க, கொத்தின கோடு எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு. விரலால தடவினா சொரசொரன்னு பிடிக்குது, ஓரத்துல எங்கயும் உடையல. உங்களுக்கு வந்ததும் இந்த ஓரத்தைத்தான் முதல்ல பாக்கணும். வழியில கல்லு மோதினா அங்கதான் பேரும்.

(பொருள்களை வரிசையாக வைக்கிறார்.)

ஸ்டீல் டிரம், அடியில கல்லு பதிச்சது. மோட்டார் இருக்கற பாடி. மாவு வழிக்கிற கரண்டி. சப்பாத்தி மாவு பிசையற பிளேடு. வாரண்டி கார்டு, கடை முத்திரை இருக்கான்னு பாத்துக்கோங்க. தேங்காய்த் துருவி? பெட்டி மேல படம் இருக்கு, உள்ள இல்ல. அது தனியா வாங்கணும்.

(அளவு டேப் எடுக்கிறார்.)

இப்ப எல்லாரும் கேட்ட கேள்வி: இடம் பத்துமா? அகலம் 10 இன்ச், நீளம் 13, மூடியோட உயரம் 12. மேடைக்கு மேல அலமாரி இருந்தா இதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. கல்லை மேல தூக்கித்தானே எடுக்கணும்? பாருங்க... (தூக்கிக் காட்டுகிறார்) 20 இன்ச் வேணும். என் அலமாரி 18 இன்ச்லயே இடிக்குது. அதனால அரைக்கும்போது முன்னாடி இழுத்து வச்சுக்கணும்.

ஒயர் நாலடி. 150 வாட்தான், சாதாரண பிளக்லயே போட்டுக்கலாம். ஒரு தடவைக்கு 200 மில்லி டம்ளர்ல நாலு டம்ளர் அரிசி தாராளமா அரைக்கலாம், உளுந்தைத் தனியா போட்டுக்கோங்க. நாலு பேர் வீட்டுக்கு மூணு நாள் மாவு. ஏழெட்டுப் பேர் இருந்தா பெருசா வாங்கிடுங்க, ரெண்டு தடவை அரைக்கறது நிஜமாவே அலுப்பு.

இது சாய்க்கிற மாடல் இல்ல. டிரம்மையே கழட்டித்தான் மாவு எடுக்கணும். கல்லோட சேத்துத் தூக்காதீங்க, முதுகு போயிடும். கல்லை முதல்ல எடுத்துடுங்க.

வந்ததும் நேரா இட்லிக்குப் போட்டுடாதீங்க. புதுக்கல்லுல தூள் இருக்கும். ஒரு பிடி ஊறின அரிசியைப் போட்டு அரைச்சுக் கொட்டணும். (டிரம்முக்குள் கேமரா. சாம்பல் நிறத் தண்ணி.) பாத்தீங்களா? இது முதல் தடவை. (வெட்டு.) இது மூணாவது, வெள்ளையா வந்துருச்சு.

உளுந்து காலையிலயே ஊறப் போட்டாச்சு. சத்தம் எப்படின்னு கேட்டீங்களே, நான் பேசல, நீங்களே கேளுங்க.

(சுவிட்ச். கல் சுற்றும் சத்தம் மட்டும், 20 விநாடி. நுரைத்து எழும் உளுந்து மாவு.)