மூடியில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள்

மக்களே, கையைத் துடைத்துவிட்டு எல்லாரும் இந்தக் காரின் அருகே வாருங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைப் பாருங்கள். 'டாட் 4 மட்டும்' என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. கோணம் ஐடிஐயில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். ஆனால் வண்டிக்காரர் எதிரில் நின்று, "விலை குறைந்தது எது இருக்கிறதோ அதை ஊற்றுங்கள்" என்று சொல்லும்போது அந்தப் பாடம் கையை விட்டுப் போய்விடுகிறது.

பிரேக்கை மிதித்தால் உராய்வில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு காலிபர் வழியாக ஆயிலுக்குள் ஏறுகிறது. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230 டிகிரி. இது டப்பா திறந்த அன்றைய கணக்கு. இந்த இரண்டு ஆயிலும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், டாட் 3 தாங்க வேண்டிய அளவு 140 டிகிரிக்கும், டாட் 4 தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிக்கும் இறங்கிவிடுகிறது. நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது, போதாததற்குக் கடற்காற்று வேறு. இங்கே ஈரத்துக்கா பஞ்சம்? அதனால்தான் திறந்து வைத்த பாதி டப்பாவை நம் அலமாரியில் நான் அனுமதிப்பதில்லை.

இப்போது கோதையாறு பக்கத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பம் மலை இறங்கி வருகிறது என்று வையுங்கள். வளைவுக்கு வளைவு பிரேக். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, அதனால்தான் மிதியின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகிறது. ஆவி அமுங்கிவிடும். மிதித்த மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. அந்தக் காரை ஓட்டுபவருக்கு டப்பாவில் என்ன ஊற்றினோம் என்று தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும்.

என் கையில் இருக்கும் இந்த ரப்பர் கப்பைத் தொட்டுப் பாருங்கள். உப்பிப் போய், கொழகொழவென்று இருக்கிறது. போன மாதம் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு காரின் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து எடுத்தது. யாரோ குறைந்த விலைக்குக் கிடைத்த பவர் ஸ்டியரிங் ஆயிலைப் பிரேக் டப்பாவில் ஊற்றியிருக்கிறார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த குலசேகரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒட்டுப்பால் துண்டை மண்ணெண்ணெயில் போட்டால் எப்படி ஊதிப்போகுமோ, அப்படித்தான் இதுவும். பிரேக் ரப்பர் வேறு வகை. அதற்குப் பெட்ரோலிய எண்ணெய் எதுவுமே ஆகாது. கப் உப்பியதால் பிரேக் பிடித்தது விடவில்லை. மாஸ்டர் சிலிண்டர், காலிபர் ரப்பர்கள், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, பைப்பைக் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த சில்லறை எங்கே, இந்தச் செலவு எங்கே!

பைக்கிலும் இதே கதைதான். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கார் ஆயில்கள் பலவற்றில் வழுக்கலுக்கான மருந்து கலந்திருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இன்ஜின் அலறும், வண்டி ஏறாது. பைக் ஆயிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா, கெட்டித்தன்மை வண்டிப் புத்தகத்தில் சொன்னதுதானா என்று பாருங்கள். கூலன்டுக்குப் பதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதும் இந்தப் பட்டறையில் கிடையாது.

விலை குறைவு என்பதற்காக எதையும் ஒதுக்கச் சொல்லவில்லை. கேட்ட தரம் லேபிளில் இருந்து, சீல் உடையாமல், நம்பகமான கடையில் வாங்கியது என்றால், இரண்டில் மலிவானதையே தாராளமாக எடுங்கள். விலை கூடியது என்பதாலேயே நல்லது என்றும் நினைக்காதீர்கள். டாட் 5 சிலிகான் ஆயில் விலை அதிகம், ஆனாலும் டாட் 4 கேட்கும் இந்த வண்டியில் அதை ஊற்றக் கூடாது, கலக்கவும் கூடாது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. அவசரத்தில் புள்ளியைத் தவற விடாதீர்கள்.

மலிவானது வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் கோபப்படாதீர்கள். அவர் காசு, அவர் கேட்கத்தான் செய்வார். மூடியைக் காட்டுங்கள், இந்தக் கப்பைக் கையில் கொடுங்கள். அப்புறமும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்; அந்த வேலையே நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்றிலிருந்து ஊற்றிய ஆயிலின் தரத்தையும் தேதியையும் ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் இந்தக் கார். இரண்டு பேர் போய்ப் பழைய ஆயிலை எடுங்கள், ஒருவர் புதிய டப்பாவின் சீலை என் முன்னால் திறங்கள்.