பொருள்: 8 கடை வீடியோக்களுக்கான ஸ்கிரிப்ட் – வேலை அளவு, திருத்தம், நாள் கணக்கு, பயன்பாட்டு உரிமை

மதிப்புக்குரிய அண்ணாச்சிக்கு,

வணக்கம். நேற்று வடசேரி கடையில் நீங்களும் தம்பியும் மேனேஜரும் சொன்னதை வைத்து இந்த மெயிலை எழுதுகிறேன். வாசித்துவிட்டு மாற்ற வேண்டியது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொண்டால் இதையே ஒரு ஒப்பந்தத் தாளாக அச்செடுத்து இருவரும் கையெழுத்துப் போடுவோம். மெயிலில் "சரி" என்று பதில் வந்தால் வேலையைத் தொடங்கலாம். ஆனால் உரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், அதனால்தான் தாள். காரணம் கீழே உரிமைப் பகுதியில் இருக்கிறது.

வேலை அளவு

மொத்தம் 8 ஸ்கிரிப்ட். நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து, மட்டிப்பழம், தேன், கிராம்பு, கருப்பட்டி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. எட்டாவது, வெளியூருக்கு பார்சல் அனுப்பும் விதம். ஒவ்வொன்றும் 60 நொடி, செங்குத்து வீடியோ. ஒவ்வொன்றிலிருந்தும் 15 நொடிக்கு வெட்டத் தோதான ஒரு பகுதியை ஸ்கிரிப்டிலேயே குறித்துத் தருவேன். அதற்குத் தனிப் பணம் கிடையாது.

60 நொடிக்குப் பேச்சு 100 முதல் 110 சொல்தான் எழுதுவேன். அதற்கு மேல் போனால் பேசுகிறவர் மூச்சுவிடாமல் ஓட வேண்டிவரும், எண்ணெய் பொரிகிற சத்தத்துக்கு இடமே இருக்காது. சிப்ஸ் வீடியோவில் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைச் சட்டிக்குள் தெளிக்கும் அந்த 4 நொடியில் யாரும் பேசக்கூடாது. அந்தச் சத்தமே ஆளைக் கடைக்கு இழுக்கும்.

ஒவ்வொரு ஸ்கிரிப்டும் இரண்டு பத்தியாக வரும். இடது பக்கம் திரையில் தெரிவது, வலது பக்கம் காதில் கேட்பது. கூடவே திரையில் ஓடும் எழுத்து, வீடியோவுக்கு ஒரு தலைப்பு, 3 வரி விவரிப்பு. கூகுள் டாக்ஸில் ஒரு பிரதி, பிடிஎஃப்பில் ஒரு பிரதி.

விலையைப் பேச்சில் எழுத மாட்டேன். நேந்திரன் குலை விலை வாரத்துக்கு வாரம் மாறும். "கிலோ இவ்வளவு" என்று ஆள் வாயால் சொல்லிவிட்டால் மறு மாதம் அந்த வீடியோ உதவாது. விலையைத் திரை எழுத்தில் மட்டும் வைத்தால் எடிட்டர் 5 நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

படமெடுப்பது, எடிட்டிங், குரல் கொடுப்பவர், தம்ப்நெய்ல், தினசரி போஸ்ட் போடுவது இந்த வேலையில் சேராது. படப்பிடிப்பு நாளில் நான் வர வேண்டுமென்றால் நாளுக்கு 2,000 ரூபாய். முதல் நாள் மட்டுமாவது கூப்பிடுங்கள் என்பது என் கருத்து. பேச்சு வாயில் வராத இடத்தை அங்கேயே சரிசெய்துவிடலாம்.

பேச்சு மொழி

கடைக்கு வருபவர்களில் நாஞ்சில் நாட்டுப் பேச்சுக்காரர்களும் உண்டு, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சுக்காரர்களும் உண்டு. எல்லா வீடியோவையும் ஒரே பேச்சில் எழுதினால் பாதிப் பேர் அன்னியப்படுவார்கள். அதனால் தேன், கிராம்பு இரண்டும் மேற்குப் பக்கப் பேச்சில், "கொள்ளாம்" வருகிற மாதிரி. மற்ற ஆறும் நாகர்கோவில் பேச்சில். எந்த வீடியோவில் யார் பேசப் போகிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேனேஜர் பேசும் வரியை வேறு ஆள் பேசினால் ஒட்டாது. ஆள் மாறினால் அது ஒரு திருத்தச் சுற்றாகக் கணக்காகும்.

நீங்கள் தர வேண்டியது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கக் குறிப்பு: எங்கிருந்து வருகிறது, எந்த எண்ணெய், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த எடைகளில் விற்கிறீர்கள், பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண். முந்திரிக்கொத்து என்றதும் வெளியூர்க்காரர்கள் முந்திரிப்பருப்புப் பண்டம் என்றே நினைப்பார்கள். பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும்தான் உள்ளே இருப்பது என்பதை முதல் 5 நொடியிலேயே சொல்லப் போகிறேன். உங்கள் சரக்கில் சேர்க்கை வேறாக இருந்தால் குறிப்பில் எழுதுங்கள்.

இரண்டு இடத்தில் கண்டிப்பாக இருப்பேன். தேனுக்கோ கருப்பட்டிக்கோ "சுகர் குறையும்", "நோய் தீரும்" என்று எழுத மாட்டேன். உணவு விளம்பரத்தில் நோய் தீர்க்கும் என்று சொல்ல விதி இடம் தராது, புகார் வந்தால் கடைப் பெயர்தான் கெடும். அடுத்து, கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் கன்னியாகுமரி கிராம்புக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்க வேண்டுமென்றால் சரக்கு இந்த மாவட்டத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். குறியீட்டின் முத்திரையைத் திரையில் காட்ட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகவும் பதிவு செய்திருக்க வேண்டும். மாறாமலைக் கிராம்புக்குத் தோட்டத்துப் பில் கையில் இருந்தால் எழுதுகிறேன். வெளிச் சரக்கும் கலந்து வருகிறதென்றால் "நல்ல கிராம்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

திருத்தம்

நாளும் பணமும் வீணாவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன் 8 வீடியோவுக்கும் ஒன்லைன் தருவேன், ஒவ்வொன்றும் 4, 5 வரி. யார் வருகிறார், என்ன காட்டுகிறோம், எப்படி முடிகிறது. எதை வேண்டுமானாலும் தூக்கிப் போட வேண்டிய இடம் இதுதான். ஒன்லைனை இரண்டு முறை முழுதாக மாற்றலாம், பணம் இல்லை. நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே முழு ஸ்கிரிப்ட்.

முழு ஸ்கிரிப்டுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் காட்சி வரிசை, தொடக்கம், முடிவு, யார் எதைப் பேசுகிறார் எல்லாம் மாற்றலாம். இரண்டாம் சுற்றில் சொல்லும் வரியும் மட்டும். ஒரு சுற்று என்றால் அந்தத் தொகுப்பின் எல்லாக் கருத்தும் ஒரே கோப்பில், ஒரே ஆளிடமிருந்து வருவது. அண்ணாச்சி ஒன்று சொல்லி, தம்பி வேறு சொல்லி, மேனேஜர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பினால் எதை எடுப்பது என்று தெரியாமல் மூன்று விதமாக எழுதிக்கொண்டிருக்க வேண்டிவரும். உங்கள் பக்கம் கடைசிச் சொல் யாருடையது என்று ஒரு பெயரைத் தாளில் எழுதுவோம். நேற்றுப் பேசியதை வைத்துப் பார்த்தால் தம்பிதான் பொருத்தம். முதல் சுற்றுக்கு முன் நீங்கள் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டால் போதும்.

மூன்றாவது சுற்று வேண்டுமென்றால் ஸ்கிரிப்டுக்கு 1,500 ரூபாய். ஒப்புக்கொண்ட ஒன்லைனையே மாற்றினால், உதாரணமாகக் கருப்பட்டி வீடியோவில் பனையேறுபவருக்குப் பதில் ஒரு கல்யாண வீட்டைக் காட்டச் சொன்னால், அது புது ஸ்கிரிப்ட், முழுக் கட்டணம். எடை, உரிம எண், பொருள் பெயர் போன்ற விவரத்தில் பிழை என்னுடையதாக இருந்தால் எத்தனை முறையானாலும் இலவசம். படமெடுத்த பிறகு 10 நொடி வரை நீளம் கூடிவிட்டால் ஒரு முறை சுருக்கித் தருவேன், அதற்கும் பணமில்லை.

மழையையும் நினைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மாவட்டத்துக்கு உண்டு. அதனால் வெளியே எடுக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் கடைக்குள் எடுக்கத் தக்க மாற்றுக் காட்சியை முதல் பிரதியிலேயே எழுதிவிடுவேன்.

நாள் கணக்கு

முன்பணமும் 8 பொருள் குறிப்பும் இரண்டும் வந்த நாள்தான் முதல் நாள். ஞாயிறு கணக்கில் இல்லை. 4ஆம் நாள் ஒன்லைன், அதற்கு நீங்கள் 2 நாளில் பதில். சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து, மட்டிப்பழம் நான்கும் 10ஆம் நாள் முதல் பிரதி. கருத்துக்கு உங்களுக்கு 3 நாள், மாற்ற எனக்கு 3 நாள். இரண்டாம் சுற்றில் ஆளுக்கு 2 நாள். ஆக 20ஆம் நாள் முதல் நான்கும் முடிந்துவிடும், 21ஆம் நாள் கேமராவை வரச் சொல்லலாம். மற்ற நான்கின் முதல் பிரதி 16ஆம் நாள், முடிவு 26ஆம் நாள். காலண்டரில் ஏறக்குறைய ஒரு மாதம்.

ஓண வியாபாரத்துக்காகவே சிப்ஸையும் வரட்டியையும் முதல் தொகுப்பில் வைத்திருக்கிறேன். அத்தத்துக்கு முன் வீடியோ வெளியாக வேண்டும். படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் 10 நாள் விட்டால், அத்தத்துக்கு 5 வாரம் முன்பே முன்பணம் வந்திருக்க வேண்டும். உங்கள் பதில் எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் என் தேதியும் தள்ளும். 15 நாள் பதிலே இல்லையென்றால் அந்தச் சுற்று முடிந்ததாக எடுத்துக்கொள்வேன். தாமதம் என்னால் என்றால் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் அந்த ஸ்கிரிப்ட் கட்டணத்தில் 5% குறைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம்

ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு 4,500, மொத்தம் 36,000 ரூபாய். தொடக்கத்தில் 14,400, எட்டின் முதல் பிரதியும் வந்ததும் 14,400, முடிவுப் பிரதியோடு 7,200. எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, அதனால் இதற்கு மேல் வரி சேராது. உங்கள் ஆடிட்டர் டிடிஎஸ் 10% பிடிக்கச் சொன்னால் பிடித்துக்கொள்ளுங்கள், சான்று மட்டும் தந்துவிடுங்கள். ஒன்லைன் முடிந்ததும் நிறுத்தினால் முன்பணம் திரும்பாது. முதல் பிரதி எட்டும் வந்த பிறகு நிறுத்தினால் இரண்டாம் தவணையும் தர வேண்டும்.

பயன்பாட்டு உரிமை

காசு கொடுத்து எழுதி வாங்கினாலும், எழுத்தின் உரிமை தானாக வாங்கியவருக்குப் போகாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஆளாக இல்லாதவர் எழுதியது அவருடையதே. உரிமம் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் பார்சல் வாடிக்கையாளர்கள் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அதனால் இரண்டையும் தாளில் எழுதிவிடுவோம்: காலம், பதிப்புரிமை உள்ள வரை, இடம், உலகம் முழுவதும்.

முழுப் பணமும் வந்த நாளிலிருந்து இந்த 8 ஸ்கிரிப்டும் உங்கள் கடைக்கு மட்டும். யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், கடை டிவி, உங்கள் இணையதளம் எல்லாவற்றிலும் போடலாம், காசு கட்டி விளம்பரமாக ஓட்டலாம். ஸ்கிரிப்டில் உள்ள வரியை பேனரிலும் பாக்கெட்டிலும் அச்சடிக்கலாம். உரிமத்தை ஓராண்டு பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்று சட்டத்தில் ஒரு விதி உண்டு. வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது பொருந்தாது. 3 ஆண்டு வரை படமெடுக்காமல் வைத்திருந்தாலும் செல்லும் என்று எழுதுகிறேன்.

தியேட்டர் விளம்பரம், டிவி சேனல், எஃப்எம் இதில் சேராது. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு 6,000 ரூபாய். மலையாள டப்பிங் செய்யலாம், ஆனால் மொழிபெயர்ப்பை என்னிடம் ஒருமுறை காட்டுங்கள். களியிக்காவிளை தாண்டிப் போனால் ஒரே சொல் வேறு பொருள் தரும். பிற்காலத்தில் வேறு ஆள் பெயரில் கிளை தொடங்கி அவருக்கு ஸ்கிரிப்டைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் என்னிடம் எழுதிக் கேளுங்கள்.

என் பக்கம் இரண்டு வாக்கு. இந்தக் காட்சியையும் வரியையும் வேறு எந்தக் கடைக்கும் தர மாட்டேன். முடிவுப் பிரதி கொடுத்த நாளிலிருந்து 90 நாள் வரை நாகர்கோவில் மாநகராட்சிக்குள் வேறு சிப்ஸ் கடைக்கு எழுத மாட்டேன். வீடியோ வெளியான 3 மாதத்துக்குப் பிறகு என் வேலை மாதிரியாக இரண்டைக் காட்ட அனுமதி வேண்டும். யூடியூப் விவரிப்பில் "ஸ்கிரிப்ட்" என்று என் பெயர் ஒரு வரி போதும். ஒப்புக்கொள்ளாத ஒன்லைன்கள் என்னிடமே இருக்கும்.

படம் வேறு, ஸ்கிரிப்ட் வேறு. எடுத்து முடித்த வீடியோவின் உரிமை, வெட்டாத முழுக் காட்சிகள் யாரிடம் இருக்கும், பின்னணி இசைக்கு உரிமம் உண்டா என்பதை கேமராக்காரரோடு தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டை வைத்துக் காட்சி எழுத மாட்டேன். கடைக் கணக்கிலிருந்து போடும்போது சத்தம் முடக்கப்பட்டால் வீடியோவே போயிற்று.

இந்தக் கட்டணம் 10 நாள் வரை செல்லும். அதற்குள் தம்பியை ஒரு பதில் அனுப்பச் சொல்லுங்கள். தாளின் இரண்டு பிரதியோடு கடைக்கு வருகிறேன்.

அன்புடன்,
ஜெயஷீலா
ஸ்கிரிப்ட் எழுத்தாளர், தக்கலை