எல்லீஸ் நகர் சுந்தரம் டெய்லர்ஸ்: விநாயகர் சதுர்த்தியன்று கடை திறக்கிறோம்

எல்லீஸ் நகர் மக்களுக்கு வணக்கம். கண்புரை ஆபரேஷனுக்காக ஆடி மாதம் மூடிய கடையை, செப்டம்பர் 14 திங்கட்கிழமை, பிள்ளையார் சதுர்த்தியன்று காலை பூஜை போட்டுத் திறக்கிறோம். மறுநாளிலிருந்து வழக்கம்போல் தையல். கண் இப்போது தெளிவாக இருக்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையலைப் பிரிப்பதுகூட எனக்குச் சிரமமாக இல்லை. வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கடை மூடும் முன் துணி கொடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பெயர் சொன்னால் போதும். எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

இந்த முறை ஆல்ட்ரேஷனுக்கென்றே தனியாக ஒரு மெஷின் போட்டிருக்கிறேன். புதுத் துணி தைக்கும் வரிசையில் நின்று உங்கள் பேண்ட் இனி காத்திருக்காது. பேண்ட் அடி மடிக்க, சட்டைக் கை குறைக்க, விட்டுப்போன தையல் போட, காலை 11 மணிக்குள் கொடுத்தால் அன்று மாலையே கிடைக்கும். ஜிப் மாற்றுவது, சுடிதார் சைடு பிடிப்பது மறுநாள். ஜீன்ஸில் அந்த ஒரிஜினல் மடிப்பு அப்படியே வேண்டுமென்றால் வெட்டி ஒட்டுப்போட வேண்டும், அதற்கு இரண்டு நாள் கொடுங்கள். பேண்ட் மடிக்க 70 ரூபாய், ஜீன்ஸ் ஒரிஜினல் மடிப்பு 120, ஜிப் மாற்ற 100, சேலைக்கு ஃபால்ஸும் ஜிக்ஜாகும் சேர்த்து 150.

பழைய ஜாக்கெட்டைத் தளர்த்துவது பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நாங்கள் தைத்த ஜாக்கெட் என்றால் உள்ளே பக்கத்துக்கு ஓர் அங்குலம் துணி விட்டிருப்போம், இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்போம். ஒன்றைப் பிரித்தால் போதும். ரெடிமேடில் பெரும்பாலும் அந்த இடமே இருக்காது. கையிடுக்கில் ஒட்டுத் துணி வைத்துத்தான் பெரிதாக்க முடியும். பட்டு ஜாக்கெட்டில் இன்னொரு விஷயம்: பழைய தையலைப் பிரித்தால் ஊசித் துளை வரிசையாகத் தெரியும், அயர்ன் போட்டாலும் முழுசாகப் போகாது. அதனால் பிரிக்கும் முன் உங்களிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். புதுமண்டபத்தில் தூணோரம் மெஷின் போட்டிருந்தவரிடம் தொழில் கற்றவன் நான். அவர் கற்றுத்தந்த பழக்கம் இது.

இனி தீபாவளி. நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. லைனிங் ஜாக்கெட் அக்டோபர் 10 சனிக்கிழமை வரைதான் எடுப்போம். லைனிங் துணியை முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி ஜாக்கெட் இழுத்துக்கொள்ளும். அதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தேதி. சாதா ஜாக்கெட், சுடிதார், சட்டை, பேண்ட், பிள்ளைகளின் பாவாடை சட்டை அக்டோபர் 17 வரை. ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் மெஷின் ஓடாது. சேலை ஃபால்ஸ் அக்டோபர் 31 வரை. ஆல்ட்ரேஷன் மட்டும் நவம்பர் 5 வியாழக்கிழமை இரவு வரை வாங்குவோம், ஏனென்றால் கடைசி வாரத்தில்தான் பாதிப் பேர் ரெடிமேட் எடுக்கிறீர்கள்.

தேதி தாண்டி வந்தால் தெரிந்தவர் என்றாலும் மன்னிக்க வேண்டும். கொடுத்த தேதிக்குத் துணி கைக்குப் போக வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இருபது பேரை நம்பவைத்துவிட்டு முதல் நாள் இரவு பத்துப் பேரை வாசலில் நிற்கவைப்பது தையல்காரனுக்கு அழகில்லை. நவம்பர் 6 இரவுக்குள் எல்லாத் துணியும் தயாராகிவிடும். 7-ஆம் தேதி முழுநாளும் டெலிவரிக்கு மட்டும். கடையிலேயே போட்டுப் பாருங்கள், பிடிப்பாகவோ தொளதொள என்றோ இருந்தால் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து தருவேன்.

புது ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் கொண்டுவரும்போது, இப்போது நன்றாகப் பொருந்துவதையே கொண்டுவாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் நேரில் வந்து அளவு கொடுத்துவிடுங்கள், வீட்டுக்காரம்மா டேப் எடுத்துக்கொள்வார். ஹெம்மிங்கும் ஹூக்கும் அவர் கைவேலைதான். பள்ளி யூனிஃபார்ம் நீளம் இறக்க வேண்டியிருந்தால் இப்போதே கொடுங்கள், அக்டோபரில் அதற்கு நேரம் இருக்காது.

காலை 10 முதல் 2 வரை, மாலை 4 முதல் 9 வரை கடை. ஞாயிறு மதியம் வரை, அக்டோபரில் ஞாயிறும் முழுநாள். இடம் மாறவில்லை, அதே மாடிப்படிக்குக் கீழேதான். துணி தயாரா என்று கேட்க பில்லில் உள்ள பழைய எண்ணுக்கே வாட்ஸ்அப் செய்யுங்கள், பில் நம்பரையும் சேர்த்து அனுப்புங்கள்.